‘சர்வர் டவுன்’ என்பதற்கு அடுத்த வரி

அட்லாசியன் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பெயர் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘ஜிரா’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு பெருமூச்சு வரும். யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும், எது முடிந்தது, எது தேங்கிக் கிடக்கிறது என்று பதிந்து வைக்கும் மென்பொருள் அது. அதோடு சேர்ந்து வரும் ‘கான்ஃப்ளூயன்ஸ்’, அலுவலகக் குறிப்புகளையும் வழிமுறைகளையும் எழுதி வைக்கும் இடம். இரண்டும் அட்லாசியனின் சர்வர்களில் ஓடுகின்றன. வாடிக்கையாளர் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் அங்கே தனித் தளம் இருக்கும்.

2022 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் 1.08-க்கும் 1.31-க்கும் இடையே அப்படிப்பட்ட 883 தளங்கள் அழிந்துபோயின. 775 வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு ஜிராவும் இல்லை, கான்ஃப்ளூயன்ஸும் இல்லை. சிலருக்கு அது சில நாளில் திரும்பி வந்தது. கடைசியாக வந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

சேவை நின்றுபோனால் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதற்கு இந்தச் சம்பவத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். அட்லாசியன் தன் தவறுகளை மாதக் கடைசியில் விரிவான அறிக்கையாகவே வெளியிட்டது. அதனால் மணிக்கணக்கு வரை நமக்குத் தெரிகிறது.

நடந்தது இதுதான். ‘இன்சைட்’ என்றொரு துணை ஆப் இருந்தது. அதன் வேலையை ஜிராவுக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், தனியாக நின்ற பழைய ஆப்பை நீக்க முடிவு செய்தார்கள். நீக்கச் சொன்னது ஒரு குழு, நீக்கியது இன்னொரு குழு. முதல் குழு கொடுக்க வேண்டியது ஆப்களின் அடையாள எண்கள். கொடுத்ததோ அந்த ஆப் இருந்த முழுத் தளங்களின் அடையாள எண்கள். நீக்கும் நிரல் இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும். ‘முழுத் தளத்தையும் நீக்கப் போகிறாயா?’ என்று கேட்காது. போதாக்குறைக்கு, பிறகு மீட்கலாம் என்று குறித்து வைக்கும் முறைக்குப் பதில், நிரந்தரமாக அழிக்கும் முறையில் ஸ்கிரிப்ட் ஓடியது.

இனி நேரத்தைக் கவனியுங்கள். நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கவில்லை, ஏனென்றால் தளங்கள் முறைப்படியான வழியில்தான் நீக்கப்பட்டன. 1.16-க்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. 2.23-க்குள் அந்தப் புகாருக்கும் ஸ்கிரிப்டுக்கும் தொடர்பு உண்டு என்று பொறியாளர்கள் உறுதி செய்துவிட்டார்கள். அதாவது முதல் தளம் அழிந்து ஒன்றேகால் மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிட்டது. அதையெல்லாம் பொதுவில் விளக்கமாக எழுதிய தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியின் கட்டுரை வெளிவந்தது ஏப்ரல் 12-ஆம் தேதி.

இடையில் இருந்த ஒரு வாரம் முழுக்க மௌனம் என்று சொல்வது நியாயமாகாது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் குறிப்புகள் வந்தன. தொடர்புகொள்ள முடிந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தொடர்புகொண்டார்கள். ‘முடிந்த’ என்பதில்தான் சிக்கல். தளம் அழிந்தபோது அதன் நிர்வாகியின் மின்னஞ்சல் போன்ற தொடர்பு விவரங்களும் சேர்ந்தே அழிந்தன. இந்தப் பக்கம், வாடிக்கையாளர் புகார் டிக்கெட் போட வேண்டுமானால் படிவத்தில் தன் தள முகவரியைக் கொடுக்க வேண்டும். அது செல்லுபடியாகும் முகவரியாக இருக்க வேண்டும். தளமே இல்லாதவர் எதைக் கொடுப்பார்? நிறுவனத்துக்கு வாடிக்கையாளரைத் தெரியவில்லை, வாடிக்கையாளருக்கு நிறுவனத்தை எட்ட வழியில்லை.

இதில் அட்லாசியன் தனித்து நிற்கவில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் ‘எஸ்3’ சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வட வர்ஜீனியா பகுதியில் சில மணி நேரம் படுத்துவிட்டது. அப்போது அமேசானின் ஸ்டேட்டஸ் பக்கத்தை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அதை இயக்கும் மென்பொருளே எஸ்3-ஐ நம்பி இருந்தது. பாதி இணையம் தடுமாறிக்கொண்டிருக்க, பக்கத்தில் எல்லாம் பச்சை விளக்கு. கடைசியில் ட்விட்டரில் செய்தி சொன்னார்கள். எத்தனை சிறிய நிறுவனமாக இருந்தாலும், வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் விற்கும் மென்பொருளுக்கு வெளியே இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும் வருகிற முதல் வேலை. வாரம் ஒருமுறை ஒரு கோப்பில் இறக்கி, வேறு நிறுவனத்தின் சேமிப்பில் வைத்தாலே போதும். அறிவிப்பு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், போய்ச் சேராவிட்டால் என்ன பயன்?

தொடர்பு கைவசம் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன சொல்லியிருக்கலாம்? பிற்பகல் 2.45-க்கு நிறுவனத்துக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முதல் அறிவிப்பை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“இன்று பிற்பகல் 1.08 மணியிலிருந்து 1.31 வரை நாங்கள் இயக்கிய ஒரு பராமரிப்பு ஸ்கிரிப்ட், பல வாடிக்கையாளர்களின் தளங்களைத் தவறாக நீக்கிவிட்டது. உங்கள் தளமும் அதில் ஒன்று. உங்கள் ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் எதையும் இப்போது திறக்க முடியாது. தவறு எங்களுடையது, யாரும் ஊடுருவவில்லை. எங்களிடம் பேக்கப் இருக்கிறது. அதிலிருந்து மீட்க எவ்வளவு நேரமாகும், கடைசி நேரப் பதிவுகள் ஏதேனும் விட்டுப்போகுமா என்பது இன்னும் தெரியவில்லை. இன்று சரியாகாது என்று வைத்துக்கொண்டு உங்கள் வேலையைத் திட்டமிடுங்கள். அடுத்த செய்தி மாலை 4.45-க்கு வரும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வரும். உங்களைத் தொடர்புகொள்ள எங்களிடம் சரியான விவரம் இருக்கிறதா என்று பார்க்க, இந்தச் செய்திக்கு ஒரு வரி பதில் போடுங்கள்.”

இதில் மன்னிப்புக் கோரும் நீண்ட பத்தி இல்லை. ‘உங்கள் நம்பிக்கையே எங்கள் சொத்து’ போன்ற வரிகளும் இல்லை. கை ஒடிந்து நிற்பவர் முதல் மணி நேரத்தில் அவற்றைப் படிப்பதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது, நான் மாட்டிக்கொண்டேனா, என் டேட்டா போய்விட்டதா, இன்று மாலைக்குள் வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமா என்பதுதான். நடுவழியில் நின்ற பேருந்தில் கண்டக்டரிடம் பயணிகள் கேட்பதும் அதுவேதான். ரேடியேட்டரா, ஆக்ஸிலா என்பது அப்புறம். மாற்று வண்டி வருமா, ஆட்டோ பிடிக்கட்டுமா?

ஆகவே பாதிப்பை வாடிக்கையாளரின் இருக்கையிலிருந்து எழுத வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் தம் இருக்கையிலிருந்து எழுதுகின்றன. ‘மிகச் சிறிய எண்ணிக்கையிலான வாடிக்கையாளர்கள் பாதிப்பு’ என்ற தொடர் அட்லாசியன் சம்பவத்திலும் அடிபட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனத்துக்கு 775 உண்மையிலேயே சிறிய எண்ணிக்கைதான், பொய் இல்லை. ஆனால் அந்த 775-இல் ஒருவருக்கு இழப்பு நூற்றுக்கு நூறு. அவர் கண்ணில் அந்த வரி, தன்னைக் கணக்கிலேயே எடுக்காத வரி. எண்ணைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அது பங்குதாரருக்கும் பத்திரிகைக்கும் போகும் குறிப்பில் இருக்கட்டும். பாதிக்கப்பட்டவருக்குப் போகும் கடிதத்தில் ‘உங்கள் தளம்’ என்று தொடங்க வேண்டும்.

எண்ணுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏப்ரல் 12-இல் அட்லாசியன் சொன்ன கணக்கு சுமார் 400 வாடிக்கையாளர்கள். மாதக் கடைசி அறிக்கையில் அது 775. யாரும் வேண்டுமென்றே மறைத்ததாக நான் நினைக்கவில்லை. குழப்பத்தின் நடுவில் எண்ணுபவர்களுக்கு முதல் கணக்கு குறைவாகவே வரும். அதனால்தான் முதல் நாட்களில் எண்ணைக் கொடுக்கும்போது ‘இதுவரை நாங்கள் கண்டறிந்தது, கூடலாம்’ என்ற ஒட்டு அவசியம். அந்த ஒட்டு இல்லாமல் 400 என்று எழுதினால், 775 என்று திருத்தும் நாளில் நேர்மையாகச் செய்த திருத்தமும் பிடிபட்ட பொய் போலத் தெரியும்.

இனி மீட்பு. அட்லாசியன் ஏன் அத்தனை தாமதமாகப் பேசியது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. எப்போது சரியாகும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தார்கள். அந்த உறுதி வரவே இல்லை. முழுப் படம் கிடைக்கும்வரை காத்திருந்தது தவறு, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

பேக்கப் இருந்தும் ஏன் இழுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கு எழுவது அந்தக் கேள்விதான். பல வாடிக்கையாளர்களின் டேட்டா ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து கிடக்கும். டேட்டாபேஸ் முழுவதையும் ஏப்ரல் 5 காலை நிலைக்குத் திருப்பினால், அழியாமல் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களின் அன்றைய பதிவுகள் போய்விடும். ஆக, அழிந்தவர்களின் பகுதியை மட்டும் உருவி எடுக்க வேண்டும். ஒருவருக்கு என்றால் செய்யலாம், கருவிகள் இருந்தன. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் செய்ய அவர்களிடம் தானியங்கி முறை இல்லை. முதலில் எடுத்த வழியில் ஒவ்வொருவருக்கும் புதிய தளம் உருவாக்கி, பயனாளர்கள், உரிமைகள், டேட்டா, இணைந்த ஆப்கள் என்று ஏறக்குறைய 70 படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு தொகுதிக்கு 48 மணி நேரம் போனது. பாதி வழியில், அழிந்த தளத்தின் பழைய அடையாள எண்களையே மறுபடி உயிர்ப்பிக்கும் இரண்டாவது வழியைக் கண்டுபிடித்தார்கள். படிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன, நேரம் சுமார் 12 மணியானது. 883 தளங்களில் 771 இந்த இரண்டாவது வழியில்தான் திரும்பின.

முந்தைய பத்தியைச் சற்றுச் சுருக்கினால் அதுவே வாடிக்கையாளருக்கு அனுப்பத்தக்க மீட்புச் செய்தி. கணினி படிக்காதவருக்கும் அது புரியும், ஏன் தாமதம் என்பதும் தெரியும். ‘எங்கள் பொறியாளர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள்’ என்ற வரியில் இரண்டுமே கிடையாது. மீட்புச் செய்தியில் படிகளைச் சொல்லும்போது, அவரவர் எந்தப் படியில் இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டால் பாதி தொலைபேசி அழைப்புகள் குறையும். ‘நீங்கள் மூன்றாவது தொகுதியில் இருக்கிறீர்கள், முதல் தொகுதி நேற்று முடிந்தது, இரண்டாவது நாளை தொடங்கும்’ என்றால், நேரம் சொல்லாமலேயே நேரத்தை அவர் கணித்துக்கொள்வார்.

நேரம் சொல்லியே தீர வேண்டுமானால்? அட்லாசியன் ஒரு வாரம் கழித்து, இன்னும் இரண்டு வாரம் வரை ஆகலாம் என்று சொன்னது. சமூக வலைத்தளங்களில் வசவு. ஆனால் ஏப்ரல் 18-இல் வேலை முடிந்துவிட்டது. அந்த இரண்டு வாரக் கணக்கு, அத்தனை கசப்பிலும், அவர்கள் செய்த சரியான காரியம் என்பேன். தளம் இல்லாமல் எப்படி ஒப்பேற்றுவது என்று ஒவ்வொரு நிறுவனமும் அன்றைக்குத்தான் தீவிரமாக யோசித்து, எக்ஸெல் தாள்களுக்கும் பிற மென்பொருட்களுக்கும் மாறியது. அதே வரியை ஏப்ரல் 6-ஆம் தேதி சொல்லியிருந்தால் ஆறு நாள் காத்திருப்பு மிஞ்சியிருக்கும். ‘விரைவில் சரியாகும்’ என்று சொல்வது இரக்கம் போலத் தோன்றும். கேட்பவரை மாற்று ஏற்பாடு செய்யவிடாமல் கட்டிப்போடுவது அதுதான்.

காரணத்தை எவ்வளவு ஆழமாகச் சொல்வது என்பதற்கு வேறொரு நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் ‘கிட்லேப்’ தளத்தில், 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இடையே நின்றுபோன நகலெடுப்பைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தார். துணை சர்வரில் ஒரு கோப்புறையைக் காலி செய்ய வேண்டும். கட்டளையைத் தட்டியது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்.

இதை ‘மனிதத் தவறு’ என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். பொய்யும் ஆகாது. கிட்லேப் அப்படிச் செய்யவில்லை. அந்த மனிதரின் பெயரைத் தங்கள் விளக்க அறிக்கையில் போடவில்லை, குழு உறுப்பினர் 1 என்று மட்டும் குறித்தார்கள். அவர் விரல் தவறியதைவிடப் பெரிய விஷயத்தைப் பற்றி நிறையச் சொன்னார்கள்: பேக்கப், நகலெடுப்பு என்று வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் கருவி டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநர் சரிபார்ப்பில் தவறிப்போய் யாருக்கும் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஒரு வேலைக்காக யாரோ கையால் எடுத்து வைத்த ஒரு நகல்.

மீட்பு வேலைக் குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி திறந்துவைத்தார்கள், யூடியூபில் நேரலையும் போட்டார்கள். ஒரு கட்டத்தில் 5,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். நேரலை எல்லோருக்கும் பொருந்தாது என்பது என் எண்ணம். கிட்லேப்பின் வாடிக்கையாளர்களே பொறியாளர்கள், அதனால் எடுபட்டது. மருத்துவமனைக்கு பில்லிங் மென்பொருள் விற்பவர் இப்படிச் செய்தால் பீதிதான் மிஞ்சும். அதே சமயம் இழப்பைச் சொன்ன விதத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம்: ஜனவரி 31 மாலை 17.20-க்கும் நள்ளிரவுக்கும் இடையே பதிந்தவை போய்விட்டன, சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனாளர் கணக்குகள் என்று எழுதினார்கள். நிரல் கோப்புகள் தனியே இருப்பதால் அவை போகவில்லை என்பதையும் எழுதினார்கள். போனதையும் போகாததையும் ஒரே இடத்தில் படித்ததும், தான் எதை மறுபடி பதிய வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது.

காரணம் நேர்மையாகச் சொல்லப்பட்டதா என்று கண்டுபிடிக்க வெளியாருக்கு ஒரு சோதனை உண்டு. ‘இனி இதைச் செய்யப் போகிறோம்’ என்ற பகுதியைப் படியுங்கள். காரணம் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்றும், தீர்வு ‘ஊழியர்களுக்குக் கூடுதல் பயிற்சி’ என்றும் இருந்தால் உண்மைக் காரணம் இன்னும் வெளிவரவில்லை. கேட்காமல் அழிக்கும் நிரல் என்று காரணத்தில் இருந்தால், தீர்வில் அந்த நிரலைப் பற்றி ஒரு வரி இருந்தாக வேண்டும். அட்லாசியன் அறிக்கையில் அது இருந்தது: எந்தத் தளமும் இனி முதலில் மீட்கக்கூடிய முறையில் மட்டுமே நீக்கப்படும், உடனே நிரந்தரமாக அழியாது என்று.

எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாத நேரமும் உண்டு. யாரோ ஊடுருவியதால் சேவை நின்றது என்றால், ஓட்டையை அடைக்கும்வரை அது எங்கே என்று எழுதுவது திருடனுக்கு வழி சொல்வதாகும். அப்போதும் பாதிப்பையும் மீட்பையும் மறைக்கத் தேவையில்லை. ‘காரணத்தின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு கருதி இப்போது சொல்லவில்லை, சரிசெய்ததும் சொல்வோம்’ என்று எழுதலாம். இந்தியாவில் இத்தகைய இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. அது அரசுக்குச் சொல்வது. அரசுக்குச் சொல்லிவிட்டோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் இருந்துவிட முடியாது. வழக்கறிஞர் கை வைத்த அறிவிப்பில் ‘நாங்கள் நீக்கினோம்’ என்பது ‘தளங்கள் நீக்கப்பட்டன’ என்று மாறிவிடும். செய்தவர் இல்லாத அந்த வாக்கியத்தைப் படிப்பவர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

சேவை திரும்பி வந்த அன்று வேலை முடிந்ததாக நினைத்து ‘சரியாகிவிட்டது, பொறுமைக்கு நன்றி’ என்று கடைசிச் செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். அட்லாசியன் விஷயத்தில் பெரும்பாலோருக்குச் சம்பவத்துக்கு முந்தைய ஐந்து நிமிடப் பதிவுகள் மட்டுமே விட்டுப்போயின. ஆனால் முதன்முதலில், முறையைச் சோதித்துக்கொண்டே மீட்கப்பட்ட சிலரின் தளங்களில் சில டேட்டா அதைவிடப் பழைய நகலிலிருந்து வந்திருந்தது. பிறகு அவர்களிடம் தனியே போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆக, கடைசிச் செய்தியில் மூன்று விவரமாவது வேண்டும்: உங்கள் டேட்டா எந்தத் தேதி, எந்த மணி வரைக்கும் இருக்கிறது, அதற்குப் பின் பதிந்தவற்றில் நீங்கள் எவற்றைச் சரிபார்க்க வேண்டும், ஏதாவது குறைந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். அந்த முகவரியில் தள முகவரி கேட்காத ஒரு படிவம் இருக்கட்டும்.